மண்ணைக் குறை சொல்லும் முன்: துளசி ஒரு பேட்சில் காட்டமாகவும் அடுத்ததில் சப்பென்றும் இருப்பது ஏன்?

போன மாதம் ஒரு தம்பி சாக்கோடு வந்தார். உள்ளே 8 கிலோ காய்ந்த துளசி. "அண்ணா, போன தடவை மூக்கைத் துளைத்தது. அதே செடி, அதே தோட்டம். இந்தத் தடவை வாசமே இல்லை. மண்ணில் சத்து போய்விட்டது போல" என்றார். ஒரு பிடி எடுத்துக் கசக்கி முகர்ந்தேன். துளசிக்கே உரிய கிராம்பு வாசம் எங்கோ தூரத்தில் இருந்தது. மேலே முழுக்க வைக்கோல் வாசம். மண்ணைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. "அறுத்த அன்று ராத்திரி இலை எங்கே இருந்தது?" என்றுதான் கேட்டேன். "சாக்கில்தான் அண்ணா" என்றார்.

இதே தவறைச் செய்து ஒரு முழு அறுவடையை இழந்தவன் நான். அதனால் பூச்சி அரித்த இலை, பூசணம் பிடித்த சாக்கு போன்ற எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிட்டு, தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லாப் பழியையும் மண்மேல் போடுவது

மண்ணுக்குப் பங்கு உண்டு. ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் இல்லை. துளசியின் வீரியம் இலைப் பரப்பில் இருக்கும் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் இலையின் அடிப்பக்கத்தில் பளபளக்கும் புள்ளிகளாகத் தெரியும். இந்தச் சுரப்பிகளில் பெரும்பாலானவை இலை குருத்தாக இருக்கும்போதே உருவாகிவிடும். அப்புறம் இலை விரிய விரிய, அவை ஒன்றுக்கொன்று விலகிப் போகும்.

இப்போது தழைச்சத்தையும் தண்ணீரையும் தாராளமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? இலை அகலமாக, தளதளவென்று வரும். மகசூல் கூடும். தோட்டம் முழுவதற்கும் கணக்குப் போட்டால் மொத்த எண்ணெய்கூடக் கூடலாம். ஆனால் ஒரு கிராம் இலையில் இருக்கும் எண்ணெய் குறைய வாய்ப்பு அதிகம். "நன்றாக வளர்ந்த பேட்ச்" வாசத்தில் தோற்றுப்போவது இதனால்தான். வாசம் குறைந்ததைப் பார்த்து மண் ஏழையாகிவிட்டது என்று மேலும் உரம் போடுகிறவர், பிரச்சினையைத் தானே வளர்க்கிறார்.

விதையையும் மறக்கக் கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் துளசிகளில் சிலவற்றின் எண்ணெயில் கிராம்பு வாசம் தரும் யூஜெனால் அதிகம், சிலவற்றில் மெத்தில் யூஜெனால் அதிகம். வேறு விதையிலிருந்து வந்த பேட்சின் வாசம் மாறியிருந்தால் அதற்கு மண்ணைக் கேட்டுப் பயனில்லை.

உலர்த்துவதை வெறும் காயவைக்கும் வேலை என்று நினைப்பது

என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு இது. ஏனென்றால் மூன்று மாத உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும். போனது கண்ணுக்கும் தெரியாது.

என் கதையைச் சொல்கிறேன். ஒரே பாத்தியில் இரண்டு அறுவடை. முதல் அறுவடையைக் காற்றோட்டமான கொட்டகையில், வலைத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி நான்கு நாள் காயவைத்தேன். இரண்டாவது அறுவடை சுமார் 60 கிலோ. மாலையில் அறுத்தோம், வண்டி வரவில்லை. சாக்குகளில் அமுக்கி அடைத்து ராத்திரி அப்படியே விட்டுவிட்டேன். விடியற்காலையில் ஒரு சாக்குக்குள் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுவென்று சுட்டது. நடு இலைகள் கறுத்து, தொட்டால் வழவழத்தன. பதறிப்போய், சீக்கிரம் காயட்டும் என்று தகரக் கூரைக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டிவைத்தேன். அது இரண்டாவது தவறு.

வாங்கியவர் சரக்கைத் திருப்பி அனுப்பிய பிறகு, தெரிந்த ஒருவரின் ஆய்வகத்தில் இரண்டு பேட்சிலும் 100 கிராம் எடுத்துக் கண்ணாடி வாலையில் வடித்துப் பார்த்தோம். முதல் பேட்சில் 0.7 மில்லி எண்ணெய். இரண்டாவதில் 0.3. பாத்தி ஒன்று, செடி ஒன்று, தண்ணீர் ஒன்று. அதற்குள் நான் மண் பரிசோதனைக்கும் தொழுவுரத்துக்கும் செலவு செய்து முடித்திருந்தேன்.

நடந்தது இதுதான். அறுத்த இலை உடனே செத்துவிடுவதில்லை. அது சுவாசித்துக்கொண்டே இருக்கிறது, சுவாசம் வெப்பத்தை வெளியிடுகிறது. பரப்பி வைத்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சாக்கில் அமுக்கினால் வெளியேற வழியில்லை. சூடும் ஈரமும் சேர்ந்ததும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. அமுக்கியதில் நசுங்கிய சுரப்பிகள் வேறு எண்ணெயைக் கக்கிவிடுகின்றன.

அடுத்தது வெப்பம். யூஜெனால் கொதிப்பது சுமார் 254 டிகிரி செல்சியஸில். அப்படியானால் 50, 55 டிகிரியில் எப்படிப் போகும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொதித்தால்தான் ஆவியாக வேண்டும் என்றில்லை. ஈர இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது எண்ணெயின் ஆவியும் கூடவே கிளம்புகிறது. சூடு ஏற ஏற அது வேகமெடுக்கிறது. வாலையில் நீராவி விட்டு எண்ணெய் எடுப்பதும் ஏறக்குறைய இதே வழியில்தான். வாலையில் அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிறோம், சூடான கூரைக்கு அடியில் காற்றில் விட்டுவிடுகிறோம். காயவைக்கும் இடத்தில் துளசி வாசம் கமகமவென்று வீசினால் சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அந்த வாசம் இலையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் எண்ணெய்.

இப்போது நான் செய்வது: காலையில் பனி உலர்ந்த பிறகுதான் அறுக்கிறேன். மூங்கில் கூடையில் தளர்வாகப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் தட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் பரப்புவதில்லை. வெயில் நேராகப் படாத, காற்று குறுக்கே ஓடுகிற இடம். முதல் நாள் இரண்டு முறை மென்மையாகப் புரட்டிவிடுவேன். இலை மொறுமொறுப்பாக ஆரம்பித்ததும் கை வைப்பதில்லை, உடைந்த இலையில் எண்ணெய் தங்காது. மழைக்காலத்தில் உலர்த்தும் பெட்டிதான் கதி. அதிலும் 40 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. அவசரத்துக்கு வெப்பத்தைக் கூட்டுவதைவிட மின்விசிறியைக் கூட்டுவது மேல். இலை நொறுங்கினால் மட்டும் போதாது, காம்பும் படக்கென்று ஒடிய வேண்டும். காம்பு வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, மூடி வைத்ததும் அது இலைக்கே திரும்பிவிடும்.

பச்சை நிறத்தை நம்புவது

சூடான பெட்டியில் வேகமாகக் காய்ந்த இலை கிளிப்பச்சையாக இருக்கும், எண்ணெய் போயிருக்கும். கசக்கி முகர்ந்து பாருங்கள்.

வானத்தைப் பார்க்காமல் தேதியைப் பார்த்து அறுப்பது

துளசியில் எண்ணெய் உச்சத்தில் இருப்பது பூங்கொத்துகள் நன்றாக மலர்ந்திருக்கும் கட்டத்தில். அதற்கு முன்பு அறுத்தால் இலை இளசு. விதை முற்றிய பிறகு அறுத்தால் கீழ் இலைகள் பழுத்து உதிர்ந்து, சாக்கில் குச்சியின் பங்குதான் கூடும். "நடவு செய்து இத்தனை நாள்" என்ற கணக்கு ஒரு பருவத்துக்குச் சரியாக இருக்கும், அடுத்ததற்குத் தவறும். வெயில் நன்றாக அடித்த வாரங்களில் செடி எண்ணெயைச் சேர்க்கிறது. மேகம் மூடிய பருவத்தில் அதே வயது செடியில் வாசம் மந்தமாக இருக்கும். தொடர் மழை விட்ட மறுநாள் அறுத்தால் நிறையத் தண்ணீரைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள், காய்வதற்கும் கூடுதல் நாள் பிடிக்கும். நான்கைந்து நல்ல வெயில் நாள் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள்.

துளசிக்குச் சொன்னதை நிலவேம்புக்கும் செய்வது

நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு துளசி எண்ணெய் போலப் பறந்து போவதில்லை. அங்கே பேட்ச் மாறுவதற்கு முக்கியக் காரணம் வேறு: அந்தப் பொருள் இலையில் அதிகம், தண்டில் மிகக் குறைவு. பூக்கும் தருவாயில் அறுத்த செடியில் இலை நிறைந்திருக்கும். காய் முற்றவிட்டு அறுத்தால் இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். இரண்டையும் பொடித்துவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் நிலவேம்பைப் பொடியாக வாங்காதீர்கள். முழுச் செடியாக வாங்கி, 100 கிராமில் இலை எத்தனை, தண்டு எத்தனை என்று பிரித்து எடை போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பொடிப்பது

பொடித்ததும் சுரப்பிகள் உடைந்து எண்ணெய் காற்றில் படுகிறது, அரவை சூடும் சேர்கிறது. முழு இலையாக மூடிவைத்து, ஒரு மாதத் தேவைக்கு மட்டும் பொடியுங்கள்.

வீரியம் குறைந்த பேட்சுக்கு அளவைக் கூட்டிவிடுவது

பொடி மந்தமாக இருக்கிறது என்று ஒரு கரண்டியை இரண்டாக்குகிறார்கள். அடுத்த காட்டமான பேட்ச் வந்த பிறகும் அந்த இரண்டு கரண்டிப் பழக்கம் போவதில்லை. துளசியில் இதைப் பெரிதாக உணரமாட்டீர்கள். பேதிக்குக் கொடுக்கும் நிலாவரை போன்றவற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிவரும். பேட்சுகளைச் சமப்படுத்த ஒரே வழி கலப்பதுதான்: 100 கிராமில் 0.7 மில்லி எண்ணெய் இருக்கும் இலையையும் 0.3 மில்லி இருக்கும் இலையையும் சரிபாதி சேர்த்தால் 0.5 மில்லி. ஆனால் அளந்து பார்த்த பிறகுதான் கலக்கலாம். சாக்கில் சூடேறிக் கறுத்த இலையை எதோடும் கலக்காதீர்கள், அது உரக்குழிக்குத்தான்.

மாதிரி எடுத்து வைக்காதது

"போன தடவை மூக்கைத் துளைத்தது" என்பது ஞாபகம். ஞாபகத்தோடு ஒப்பிட முடியாது. ஒவ்வொரு பேட்சிலும் 100 கிராம் முழு இலையைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, இருட்டில் வையுங்கள். அறுத்த தேதி, பூத்த நிலை, முந்தைய வார வானிலை, எத்தனை மணி நேரத்தில் தட்டுக்கு வந்தது, எத்தனை நாளில் காய்ந்தது என்று மேலே எழுதி ஒட்டுங்கள்.

அந்தத் தம்பியிடம் பாத்தியில் மீதி இருந்ததை இரண்டாகப் பிரித்து அறுக்கச் சொன்னேன். ஒரு பாதி வழக்கம்போலச் சாக்கில் ஓர் இரவு, அப்புறம் தட்டில். மறு பாதி நேராகத் தட்டில். பத்து நாள் கழித்து இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்து, எது எது என்று சொல்லாமல் என் முன்னால் வைத்தார். முதல் புட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. அவர் உரத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் வலைத் தட்டு வாங்கிவிட்டதாகச் சொன்னார்.