புறக்கோட்டைக் கடை வாடகைப் பேச்சில் முட்டுக்கட்டை நீங்கிய விதம்

புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையின் குத்தகையைப் புதுப்பிக்கும் பேச்சில், மாத வாடகை 150,000 ரூபாவுக்குக் குறையாது என்று உரிமையாளரும், 120,000 ரூபாவுக்கு மேல் ஒரு சதமும் தர முடியாது என்று கடைக்காரரும் பிடிவாதமாக நின்றபோது, நடுவராக இருந்த நான் இருவரையும் தனித்தனியே சந்தித்தேன். தான் இறங்கினால் அதிலிருந்தே அடுத்த பேரம் தொடங்கிவிடும் என்ற அச்சம் இருவருக்கும் இருந்தது. உரிமையாளருக்குக் கைக்காசு உடனே தேவை. கடைக்காரருக்கோ நீண்ட காலக் குத்தகையே முக்கியம்.

ஆகவே, 132,000 ரூபா வாடகை, ஐந்தாண்டுக் குத்தகை, ஆறு மாத முற்பணம் என்று ஒரே முன்மொழிவை எழுதி இருவருக்கும் கொடுத்து, மறுநாள் மாலைக்குள் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் என்னிடம் தனியாகச் சொல்லும்படி கேட்டேன். இருவரும் சம்மதித்தால் மட்டுமே அறிவிப்பேன் என்றும், ஒருவர் மறுத்தால் மற்றவரின் பதில் வெளியே போகாது என்றும் உறுதியளித்தேன். இருவரும் ஆம் என்றார்கள்.

பேரம் பேச இன்னும் இடமிருக்கும்போதே இந்த முறையைக் கையாளக் கூடாது. தொகையும் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் வெட்டியதாக இல்லாமல், இருவரும் ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும். "கொஞ்சம் கூட்டித் தாருங்கள்" என்று எவராவது கேட்டால், அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை திருத்தினால் மீண்டும் பேரம்தான்.