நசுங்கிய மீன் டின் இரண்டு தடவை நட்டமான கதை

வெள்ளவத்தையில் நான் கணக்குப் பார்க்கும் பலசரக்குக் கடையில், மாத முடிவில் மீன் டின்னில் மட்டும் 24,960 ரூபாய் நட்டம் காட்டியது. காசாளர் பில்களைப் பார்த்தேன், கொள்வனவு பில்களையும் ஒப்பிட்டேன். மூன்று நாள் போனதுதான் மிச்சம்.

கணினியில் இருப்பு 240, தட்டில் எண்ணியது 201. குறைந்த 39 டின்னையும், கிரயம் 520 ரூபாய் வீதம், இருப்புக் குறைவு நட்டமாகப் பதிந்திருந்தார்கள். சேத விபரத் துண்டைப் பார்த்தபோதுதான் விளங்கியது: நசுங்கிய 36 டின் பின்னறைப் பெட்டியில் இருந்தது. எண்ணியவர்கள் அதை எண்ணவில்லை. அதே 36 டின்னுக்குப் பெறுமதிக் குறைப்பும் தனியாகப் பதிவாகியிருந்தது.

கணினியில் ‘சேதம்’ என்று தனி இடம் திறந்து, 36 டின்னின் குறைவுப் பதிவை நீக்கி, அவற்றைக் கிரயத்திலேயே அங்கு மாற்றினேன். உண்மைக் குறைவு 3 டின், 1,560 ரூபாய். நசுங்கியவை 400 ரூபாய்க்குத்தான் விலைபோகும். விற்கும் செலவு 10 போக, தேறிய தேறத்தக்க பெறுமதி 390. டின்னுக்கு 130 வீதம் 4,680 ரூபாயை விற்பனைக் கிரயத்துக்கு வரவு வைத்து, இருப்புப் பெறுமதிக் குறைப்பு ஏற்பாட்டுக்குச் செலவு வைத்திருந்த பதிவை அப்படியே விட்டேன். மொத்தம் 6,240 மட்டுமே. நல்ல டின்கள் கிரயத்திலேயே நிற்கும். இருப்புகளுக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமமான LKAS 2 பொதுவாகப் பொருள் வாரியாகவே பார்க்கச் சொல்கிறது.

பலர் கவனிக்காத அடையாளம் ஒன்று: திருத்தாமல் விட்டால், நசுங்கிய டின்கள் அதே குறியீட்டில் விற்றதும் அடுத்த எண்ணலில் சரியாக 36 மிகுதி வரும்.