மூன்று பரிசோதனைத் தாள்களும் ஓயாத சொறிச்சலும்

மூன்று வயது லாப்ரடார் அது. எட்டு மாதமாகச் சொறிந்துகொண்டே இருந்தது. மாத்திரை தந்தால் அடங்கும், நிறுத்தினால் பத்து நாளில் திரும்பிவிடும். வளர்ப்பவர் என் மேசையில் மூன்று தாள்களை விரித்தார். தோல் சுரண்டலில் ‘பூச்சி இல்லை’. தோலில் டேப் ஒட்டி எடுத்த பரிசோதனையில் ‘ஈஸ்ட் உள்ளது’. பூஞ்சை வளர்ப்பில் ‘ஆஸ்பர்ஜில்லஸ் வளர்ந்தது’.

“கடைசியில் காரணம் தெரிந்துவிட்டது டாக்டர். ஐந்து வாரமாகக் கிரைசியோஃபல்வின் கொடுக்கிறோம்” என்றார். மேசைக்கடியில் நாய் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தாளுக்குத்தான் செலவும் நாளும் அதிகம் பிடித்திருந்தன. அதனாலேயே மதிப்பும் அதிகம் கிடைத்துவிட்டது. ஆனால் இந்த நாயைப் பற்றி மிகக் குறைவாகச் சொன்னது அந்தத் தாள்தான். ஆஸ்பர்ஜில்லஸ் காற்றிலும் மண்ணிலும் நாய் படுக்கும் சாக்கிலும் இருப்பது. நோயில்லாத நாயின் முடியைப் பிடுங்கி வளர்த்தாலும் வரும். இந்தச் சோதனை தேடுவது மைக்ரோஸ்போரம், ட்ரைக்கோஃபைட்டான் போன்ற படர்தாமரைப் பூஞ்சைகளை. கொடுத்த மருந்தும் அவற்றுக்கானதே. ஆஸ்பர்ஜில்லஸையும் அது கொல்லாது, டேப்பில் தெரிந்த ஈஸ்டையும் கொல்லாது!

வளர்ப்பு ஊடகம் சிவப்பாக மாறினாலே படர்தாமரை என்று நினைப்பது இதன் அண்ணன் தவறு. படர்தாமரைப் பூஞ்சை ஊடகத்திலுள்ள புரதத்தை முதலில் தின்னும். அதனால் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ அது முளைக்கும்போதே சிவப்பும் கூடவே வரும். சாதாரணப் பூஞ்சை முதலில் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் புரதத்துக்கு வரும், அதற்குள் பல நாள் ஓடிவிடும். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்கு எது முதலில் வந்தது என்று எப்படித் தெரியும்? தினமும் பார்த்துக் குறிக்க வேண்டும், வளர்ந்ததை நுண்ணோக்கியில் வைத்து வித்துகளை உறுதிசெய்ய வேண்டும். நாய்களில் படர்தாமரை பெரும்பாலும் முடி கொட்டிய, செதில் படர்ந்த திட்டாக வரும். அரிப்பு பல நேரங்களில் குறைவு. இந்த லாப்ரடாருக்கு அப்படி ஒரு திட்டும் இல்லை. என்னைக் கேட்டால் அந்தச் சோதனையே வேண்டியிருக்கவில்லை.

இனி, ‘பூச்சி இல்லை’ என்ற தாள். எந்த இடத்தில் சுரண்டினார்கள் என்று அதில் இல்லை. கேட்டபோது “முதுகில்” என்றார் வளர்ப்பவர். சார்கோப்டிஸ் என்ற சொறிப்பூச்சி விரும்பும் இடங்கள் காதோரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு. அங்கே அகலமாகச் சுரண்டினாலும், நோயுள்ள நாய்களில் பாதிக்கு மேல் அது கண்ணில் படாமல் தப்பிவிடும். ஆகவே அந்தப் பூச்சியைப் பொறுத்தவரை ‘இல்லை’ என்பதற்கு ‘அகப்படவில்லை’ என்று மட்டுமே பொருள். டெமோடெக்ஸ் என்ற இன்னொரு பூச்சி வேறு. அது முடிக்குழியின் ஆழத்தில் இருப்பது. தோலைப் பிதுக்கி, லேசாக இரத்தம் கசியும் வரை சுரண்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நான் விரலிடுக்கில் அப்படிச் சுரண்டினேன், ஒன்றும் இல்லை. காதுமடலின் ஓரத்தை மடித்துத் தேய்த்தபோது, சார்கோப்டிஸ் உள்ள நாய்களில் பெரும்பாலும் எழுவதுபோல் பின்னங்காலும் சொறிய எழவில்லை. இருந்தும் சார்கோப்டிஸைத் தாளை நம்பி ஒதுக்காமல், அந்தப் பூச்சியைக் கொல்லும் அஃபாக்ஸோலானர் மாத்திரையை மாதம் ஒன்றாக இரண்டு தந்தேன்.

ஈஸ்ட் தாள்தான் உண்மையில் பயனுள்ளது, ஆனால் பாதி விஷயத்தையே சொன்னது. விரலிடுக்கிலும் அக்குளிலும் புதிதாக டேப் ஒட்டி எடுத்தேன். சாயம் போடும்போது முதல் குப்பியிலுள்ள ஆல்கஹாலில் டேப்பை முக்கக் கூடாது, பசை கரைந்து எல்லாம் கலங்கிவிடும். நுண்ணோக்கியில் வேர்க்கடலை வடிவ மலசீசியா ஈஸ்ட் எல்லாப் பார்வைப் புலங்களிலும் நிறைய இருந்தது. கிருமியை விழுங்கிய வெள்ளையணு ஒன்றும் இல்லை, எனவே ஆன்டிபயாடிக் தேவைப்படவில்லை. பழுப்பான சிறு துகள்கள் கிடந்தன. அவை தோலின் மெலனின். அவற்றைப் பாக்டீரியா என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. பாக்டீரியா நீலச் சாயம் ஏற்கும், மெலனின் பழுப்பாகவே நிற்கும்.

குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் தலா 2 சதவீதம் கலந்த ஷாம்பு, வாரம் இருமுறை, நுரையோடு பத்து நிமிடம் ஊறவிட்டு, நான்கு வாரம். மறுபடி எடுத்த டேப்பில் ஈஸ்ட் அநேகமாக இல்லை. ஆனால் பத்துக்கு எட்டு என்று வளர்ப்பவர் மதிப்பிட்டிருந்த அரிப்பு ஐந்தில் நின்றது. இரண்டாவது அஃபாக்ஸோலானருக்குப் பிறகும் ஐந்துதான், ஆக சார்கோப்டிஸும் கணக்கிலிருந்து போயிற்று. அந்த மூன்று புள்ளி ஈஸ்டினுடையது. மீதி ஐந்து, ஈஸ்ட் குடியேற இடம் கொடுத்த அடிப்படை நோயினுடையது. அதைச் சுரண்டலும் டேப்பும் காட்டாது. உணவு ஒவ்வாமையா என்று எட்டு வாரம் உணவை மாற்றிப் பார்த்தோம், அரிப்பு அசையவில்லை. இப்போது அட்டோபி என்ற சூழல் ஒவ்வாமைக்கு மருந்து எடுக்கிறது. பாதம் ஈரமாகும் மழைக்காலத்தில் மட்டும் விரலிடுக்கில் டேப் ஒட்டி ஈஸ்ட் திரும்பியதா என்று பார்க்கிறோம்.