பிரச்சினை தீராமலேயே மூடப்பட்ட சப்போர்ட் டிக்கெட்டைத் திரும்பத் திறப்பது எப்படி?

“உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது” என்று மின்னஞ்சல் வருகிறது. போய்ப் பார்த்தால் எல்லாம் பழையபடியே இருக்கிறது. அந்த எரிச்சலில் பெரும்பாலோர் உடனே புது டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம். புது டிக்கெட் பெரும்பாலும் வேறொருவர் கைக்குப் போகும். அவர் “என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து?” என்று முதலிலிருந்து கேட்பார். நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய படங்களும் விளக்கங்களும் பழைய டிக்கெட்டிலேயே கிடக்கும். அந்தப் பழைய டிக்கெட்டோ, அவர்கள் கணக்கில் தீர்ந்துபோன ஒன்றாகவே நிற்கும்.

பழையதையே திறக்க வைப்பதுதான் சரியான வழி. எனக்கு நடந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். என் இணையதளத்துக்கு ஹோஸ்டிங் நிறுவனம் தினமும் அதிகாலை 2 மணிக்கு பேக்கப் எடுத்து வைக்கும். முழு பேக்கப் சுமார் 6 ஜிபி இருக்க வேண்டும். திடீரென்று சில நாட்களாக 4.4 ஜிபி கோப்புதான் இருந்தது, அதையும் பிரிக்க முடியவில்லை. டிக்கெட் போட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் பதில் வந்தது: “நாங்கள் பேக்கப்பை ஓட்டிப் பார்த்தோம், முழுமையாக முடிந்தது. டிக்கெட்டை மூடுகிறோம்.” புதன்கிழமை காலை பார்த்தால் மறுபடியும் 4.4 ஜிபி.

படி 1: டிக்கெட் எந்த நிலையில் இருக்கிறது?

முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். பல சப்போர்ட் மென்பொருள்களில் ‘தீர்ந்தது’ என்பதும் ‘மூடியாயிற்று’ என்பதும் வேறு வேறு. திரையில் Solved அல்லது Resolved என்று இருந்தால், அது ஏஜென்ட் தன் வேலை முடிந்ததாக நினைக்கும் நிலை. இன்னும் பூட்டவில்லை, நீங்கள் பதில் எழுதினால் திறந்துகொள்ளும். Closed என்று மாறிவிட்டால் பூட்டியாயிற்று என்று பொருள்.

உதாரணமாக ஜென்டெஸ்க் என்ற மென்பொருளில் Solved நிலையில் பதில் அனுப்பினால் அதே எண்ணில் டிக்கெட் திறக்கும். யாரும் எதுவும் செய்யாவிட்டால், அதன் இயல்பான அமைப்புப்படி 4 நாட்களில் அது தானாக Closed ஆகிவிடும். அதற்குப் பின் ஏஜென்டே நினைத்தாலும் திறக்க முடியாது. நீங்கள் பதில் எழுதினால், பழையதோடு இணைப்புள்ள ஒரு தொடர் டிக்கெட் புது எண்ணில் உருவாகும். இந்த நாள் கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். சில மென்பொருள்களில் Closed என்ற ஒரே நிலைதான் இருக்கும், அதிலேயே பதில் எழுதித் திறக்கலாம். உங்களுக்கு வந்த மின்னஞ்சலின் அடியில் “இத்தனை நாளுக்குள் பதிலளித்தால் மீண்டும் திறக்கப்படும்” என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதனால்தான் பிரச்சினையை அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, சோதித்துவிட வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வாய்ப்பு கைநழுவிப் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. சில டிக்கெட்டுகளை யாரும் மூடுவதில்லை, அவை தானாக மூடிக்கொள்கின்றன. ஏஜென்ட் உங்களிடம் ஏதோ கேட்டிருப்பார், நீங்கள் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள், சில நாள் கழித்து மென்பொருளே மூடிவிடும். உரையாடலின் கடைசிச் செய்தி உங்களிடம் கேட்ட கேள்வியாக இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அப்படியென்றால் புகார் எதுவும் தேவையில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொன்னாலே போதும்.

படி 2: அவர்கள் எதைச் சோதித்தார்கள்?

உண்மையில் வேலையே இங்கேதான். தீராத பிரச்சினையைத் தீர்ந்தது என்று மூடுபவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவர் ஏதோ ஒன்றைச் சோதித்திருக்கிறார், அது சரியாக வந்திருக்கிறது. ஆனால் அவர் சோதித்ததும் உங்களுக்கு நடப்பதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துக் காட்டாமல் “இன்னும் சரியாகவில்லை” என்று மட்டும் எழுதினால், அவர் அதே சோதனையை மறுபடி செய்துவிட்டு மறுபடி மூடுவார்.

என் விஷயத்தில் அவருடைய பதிலை இரண்டு முறை படித்த பிறகுதான் பிடிபட்டது. அவர் பேக்கப்பைக் கையால் ஓட்டியிருக்கிறார். எனக்குக் கெட்டுப்போவதோ அதிகாலையில் தானாக ஓடும் பேக்கப். சரி, அப்புறம் லாகைத் திறந்தேன். புதன்கிழமை அதிகாலை இப்படி இருந்தது:

```
02:00:01 backup started
02:30:01 killed: timeout 1800s
```

1800 நொடி என்றால் சரியாக அரை மணி நேரம். கையால் ஓட்டும்போது இந்த வரம்பு இல்லை. அவர் ஓட்டியது 41 நிமிடத்தில் முடிந்திருந்தது. தளம் சிறியதாக இருந்தவரை அரை மணி போதுமாக இருந்திருக்கிறது. படங்கள் சேரச் சேர நேரம் அதைத் தாண்டிவிட்டது.

கோப்பு பாதியில் நிற்கிறது என்பதற்கும் ஒரு சான்று எடுத்துக்கொண்டேன்:

```
gzip -t backup.tar.gz
gzip: backup.tar.gz: unexpected end of file
```

கோப்பு முழுதாக இருந்தால் இந்தக் கட்டளை ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடும்.

உங்கள் பிரச்சினை வேறாக இருக்கலாம், தேட வேண்டியது இதே போன்ற வித்தியாசத்தைத்தான். அவர் கணினியில் பார்த்தாரா, உங்களுக்கு வருவது கைப்பேசியிலா? அவர் நிர்வாகி கணக்கில் சோதித்தாரா, நீங்கள் சாதாரணக் கணக்கில் இருக்கிறீர்களா? ஒரு முறை பார்த்தாரா, உங்களுக்குப் பத்தில் இரண்டு முறை மட்டும் வருகிறதா? உங்களால் லாக் பார்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. நேரம் தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். ஆனால் அந்த நேரம், அவர்கள் ‘தீர்ந்தது’ என்று சொன்ன நேரத்துக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். பழைய ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்ப அனுப்பினால் எதுவும் நிரூபணமாகாது.

படி 3: அதே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கள்

டிக்கெட் பக்கத்தில் Reopen பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் அவர்களிடமிருந்து வந்த கடைசி மின்னஞ்சலுக்கே பதில் அனுப்புங்கள். தலைப்பை மாற்றாதீர்கள், புது மின்னஞ்சலாகத் தொடங்காதீர்கள். தலைப்பில் இருக்கும் டிக்கெட் எண்ணையோ, மின்னஞ்சலுக்குள் மறைந்திருக்கும் குறியீட்டையோ வைத்துத்தான் மென்பொருள் அதைப் பழைய உரையாடலோடு சேர்க்கிறது. முதலில் எந்த முகவரியிலிருந்து எழுதினீர்களோ அதிலிருந்தே எழுதுங்கள். வேறு முகவரி என்றால் அதை அந்நியர் என்று நினைத்துத் தனியே ஒதுக்கிவிடக்கூடும்.

“சேவை எப்படி இருந்தது?” என்று வரும் மதிப்பீட்டில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு, அதுவே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பல இடங்களில் மதிப்பீடு தனிக் கணக்காகப் போகும், டிக்கெட்டைத் திறக்காது. பதில்தான் திறக்கும்.

நான் எழுதியது இதுதான்:

> பிரச்சினை தீரவில்லை, டிக்கெட்டைத் திரும்பத் திறக்கக் கேட்கிறேன். நீங்கள் மூடிய பிறகு, புதன் அதிகாலை 2 மணிக்கு ஓடிய பேக்கப்பும் 4.4 ஜிபியில் நின்றுவிட்டது.
>
> நீங்கள் கையால் ஓட்டியது 41 நிமிடத்தில் முழுதாக முடிந்தது, அதைப் பார்த்தேன். தானாக ஓடுவது மட்டும் 30 நிமிடத்தில் நிறுத்தப்படுகிறது. லாகும் கோப்புச் சோதனையும் இணைத்திருக்கிறேன்.
>
> தானாக ஓடும் பேக்கப்புக்கு 1800 நொடி வரம்பு இருக்கிறதா என்று பார்த்து, அதை உயர்த்த முடியுமா? தொடர்ந்து மூன்று இரவுகள் முழுக் கோப்பு வந்ததை நான் உறுதி செய்யும்வரை டிக்கெட்டைத் திறந்தே வைக்கவும்.

முதல் வரியிலேயே தீரவில்லை என்று இருக்கிறது. வரிசையில் ஐம்பது டிக்கெட் வைத்திருப்பவர் முதல் வரியைத்தான் பார்ப்பார். அவர் செய்த சோதனையை நான் மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் வித்தியாசத்தைக் காட்டினேன். அவர் வாதாட எதுவும் மிச்சமில்லை.

மிக முக்கியமானது கடைசி வரி. எப்போது மூடலாம் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள், அளக்கக்கூடிய ஒன்றாகச் சொல்லுங்கள். “முழுதாகச் சரியாகும்வரை” என்றால் அவரவர் விருப்பப்படி பொருள்கொள்ளலாம். “மூன்று இரவுகள், முழுக் கோப்பு” என்றால் இரண்டு பேருக்கும் ஒரே பொருள்தான்.

படி 4: உண்மையிலேயே திறந்ததா?

அனுப்பியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். டிக்கெட் பக்கத்தில் நிலை Open என்று மாறியிருக்க வேண்டும், எண் பழையதாகவே இருக்க வேண்டும். தானாக வரும் பதிலில் புது எண் இருந்தால் பழையது பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அதில் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. புது டிக்கெட்டில் “இது இந்த எண்ணின் தொடர்ச்சி” என்று பழைய எண்ணோடு ஒரு வரி எழுதி, ஆரம்பத்தில் டிக்கெட் போட்ட தேதியையும் குறிப்பிடுங்கள். புது எண்ணில் காத்திருப்பு நேரம் சுழியத்திலிருந்து தொடங்கும் என்பதால், எவ்வளவு நாளாக இது இழுக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரே வேளையில் பழையதையும் திறந்து புதிதாகவும் ஒன்று போட்டு வைக்காதீர்கள். இரண்டையும் பார்க்கும் ஏஜென்ட் ஒன்றை மற்றொன்றோடு சேர்த்து மூடுவார். உங்களுக்கு மறுபடியும் ஒரு ‘தீர்ந்தது’ மின்னஞ்சல் வந்து குழப்பும்.

படி 5: மறுபடியும் மூடினால்

மூன்றாம் முறையும் அதையே திறந்துகொண்டிருப்பதில் பயன் குறைவு. இரண்டாம் முறை மூடியதும், பதிலில் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: என்ன மாற்றினீர்கள்? அதை எந்தச் சூழ்நிலையில் சோதித்தீர்கள்? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், டிக்கெட்டை மூத்த தொழில்நுட்பக் குழுவுக்கோ குழுத் தலைவருக்கோ மாற்றும்படி அதே உரையாடலிலேயே கேளுங்கள். இரண்டு முறை மூடித் திறந்த வரலாறு அங்கேயே இருப்பதால் நீங்கள் தனியாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. புதன்கிழமை மாலையே வரம்பை 3600 நொடியாக உயர்த்திவிட்டு, மூன்று இரவுகள் பார்க்கலாம் என்று டிக்கெட்டைக் காத்திருப்பு நிலையில் வைத்தார்கள். வியாழன், வெள்ளி, சனி மூன்று காலையும் 6 ஜிபி கோப்பு இருந்தது, சோதனைக் கட்டளையும் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை உறுதி செய்து எழுதினேன், அவர்கள் மூடினார்கள்.

நன்றி சொல்வதாக இருந்தால் அந்த உறுதி செய்யும் பதிலிலேயே சொல்லிவிடுங்கள். மூடிய பிறகு “நன்றி” என்று தனியாக அனுப்பினால், பல மென்பொருள்கள் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு டிக்கெட்டைத் திரும்பத் திறந்துவிடும்.