நிகழ்ச்சி மேலாளர் ரெசுமே: பட்ஜெட் வரியில் கோட்டை விடாதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா, திருமண விருந்து என்று வேலை பழகிய பிள்ளைகள் கோலாலம்பூர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெசுமேயை என்னிடம் காட்டுவார்கள். எழுத்துப்பிழையை யாரும் திருத்திவிடலாம். எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். வேலை விளம்பரமோ சப்ளையர் ஒருங்கிணைப்பு, பட்ஜெட் கட்டுப்பாடு, நிகழ்விடத்தில் நின்று நடத்திக்கொடுப்பது என மூன்றைக் கேட்கும். பதிலோ, "பல நிகழ்ச்சிகளை வெற்றிகரமாக நடத்தினேன்" என்ற ஒரே வரி.

தொகையை மட்டும் எழுதுவது

"40,000 ரிங்கிட் பட்ஜெட்டைக் கையாண்டேன்." இதில் தொகை தெரிகிறது, கட்டுப்பாடு தெரியவில்லை. ஒரு தங்கச்சி அப்படித்தான் எழுதியிருந்தாள். "கடைசியில் எவ்வளவில் முடிந்தது?" என்று நேர்காணலில் கேட்டதும் தடுமாறினாள்; வேலை கை நழுவியது.

அப்புறம் பில்களை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். 500 பேருக்கு விருந்து, சாப்பாடு தலைக்கு 32 வெள்ளி. ஒப்புதலான பட்ஜெட் 40,000. எதிர்பாராத செலவுக்கென்று தனியாக 2,000. கேட்டரிங்காரர் எண்ணிக்கையை மாற்ற அனுமதித்த கடைசி நாளுக்குள் 440 பேர் என்று எழுத்தில் உறுதிசெய்திருக்கிறாள். 1,920 வெள்ளி மிச்சம். மழை அறிகுறி தெரிந்ததும் கூடுதல் கூடாரத்துக்கு 1,800, ஜெனரேட்டருக்கு 900. இரண்டுக்கும் விருந்து வைத்த வீட்டாரிடம் வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருக்கிறாள். முடிவில் 40,780.

இத்தனையும் செய்தவள் ரெசுமேயில் ஒன்றையும் சொல்லவில்லை! எழுதியிருக்க வேண்டியது இதுதான்: "500 பேர் விருந்து, அவசர ஒதுக்கீட்டுடன் 42,000 ரிங்கிட் வரம்பு, மழை ஏற்பாட்டுக்கு 2,700 கூடியும், சாப்பாட்டு எண்ணிக்கையைக் காலத்தோடு குறைத்து 40,780இல் முடித்தேன்."

செலவை முடிவுசெய்தது வேறொருவர், நீங்கள் கணக்கு மட்டும் வைத்திருந்தீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். அடுத்த கேள்வியே "யார் ஒப்புதல் கொடுத்தது?" என்பதுதான். மதிப்பீடு, கொட்டேஷன், கடைசி பில் மூன்றையும் ஒரே தாளில் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள்.

சப்ளையர் பட்டியல்

பெயர்களை அடுக்க வேண்டாம். எத்தனை பேர், யார் எந்த நேரத்துக்கு வந்து இறக்கினார்கள், ஒருவர் தாமதித்தபோது என்ன மாற்று செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

படங்கள்

ரெசுமேயில் வேண்டாம்.

"உதவினேன்"

அன்று மேடை, ஒலி, சாப்பாட்டு வரிசை மூன்றையும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள் என்றால், ரெசுமேயில் ஏன் "உதவினேன்"? நேர அட்டவணையை யார் கையில் வைத்திருந்தது, ஒலிக்காரரும் கேட்டரிங்காரரும் யாரைக் கேட்டு நகர்ந்தார்கள் என்று எழுதுங்கள். உண்மையிலேயே உதவி மட்டும்தான் செய்தீர்களா? சரி, எந்தப் பகுதிக்கு என்று சொல்லுங்கள். "நுழைவாயிலில் விருந்தினர் பதிவு, 4 பேர் கொண்ட குழு" என்றால்கூட உங்கள் பொறுப்பு எதுவரை என்று தேர்வாளருக்குப் புரிந்துவிடும்.