அழகான ஃப்ரெண்டு பக்கத்துல இருந்தா பண்ணக்கூடாத தப்புங்க

எங்க பிஜிக்கு ஒவ்வொரு ஜூனும் புதுப் பொண்ணுங்க வருவாங்க, அதுல ரூம்மேட்ஸ் ரெண்டு பேரு ஒட்டிக்கிட்டே திரிவாங்க, ஒருத்தி நல்ல கலரா லட்சணமா இருப்பா, பொங்கல் லீவு முடிஞ்சு வரும்போது பாத்தா ரெண்டு பேருக்கும் பேச்சு இருக்காது. பொறாமைப்படாதேன்னு நான் சொல்லப் போறதில்ல, அது யாரு சொல்லியும் நின்னதில்ல.

"உனக்கென்னடி, அழகா இருக்க"

இத கேட்டா இன்னிக்கும் எனக்கு பத்திக்கிட்டு வரும். போன வருஷம் ஒருத்தி வேலைக்கு சேந்தா, டீம் லீடு ராத்திரி 11 மணிக்கு மேல "சாப்டியா", "டிபி செம"ன்னு மெசேஜ் போட ஆரம்பிச்சான். பயந்துபோய் ரூம்மேட்கிட்ட போனை நீட்டுனா, அவ பாத்துட்டு "எனக்கெல்லாம் பேங்க்லருந்துதான்டி மெசேஜ் வருது"ன்னு சிரிச்சா. ஜோக்குதான். ஆனா அப்ரைசல்ல நல்ல ரேட்டிங் வந்தப்பவும் "மூஞ்சிக்கு குடுத்திருப்பான்"னு சொன்னா பாருங்க, ராப்பகலா அவ வேலை பாத்தத பக்கத்து கட்டில்ல படுத்துக்கிட்டு பாத்தவளே இத சொன்னா எப்படி? அதோட அவ எதுவும் சொல்றத நிறுத்திட்டா, மெசேஜ் மட்டும் நிக்கல, கடைசில வேலைய விட்டுட்டு ஊருக்கு போயிட்டா.

அன்னிக்கு சொல்லியிருக்க வேண்டியது ரொம்ப சின்ன விஷயம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, எதையும் அழிக்காத, பாலியல் தொல்லை புகார விசாரிக்கிற கம்பெனியோட இன்டர்னல் கமிட்டிக்கு எழுதிக் குடு, நான் கூட வரேன். 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல அந்த கமிட்டி இருக்கணும்னு 2013 சட்டமே சொல்லுது, சாதாரணமா கடைசியா நடந்ததுலருந்து 3 மாசத்துக்குள்ள புகார் குடுக்கணும். அந்த நேரமெல்லாம் ஜோக்குலயே போச்சு.

தூது

போகாதீங்க. எந்தப் பையனுக்காவது அவ நம்பர் வேணும்னா அவகிட்டயே கேக்கட்டும்.

டிரெஸ் விஷயத்துல பொய்

அவளுக்கு எடுப்பா இருக்குற சுடிதாரப் பாத்து "உனக்கு செட் ஆகலடி"ன்னு சொல்றது. கெட்டவங்கதான் இப்படி பண்ணுவாங்கன்னு இல்ல. 1980-ல டெஸ்ஸர், ஸ்மித்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, வார்த்தைய கண்டுபிடிக்கிற விளையாட்டு, ஆடுறவங்களுக்கு நாம குறிப்பு குடுக்கணும். இது உங்க திறமைய காட்டுற டெஸ்ட்டுன்னு சொல்லிட்டா, முகம் தெரியாதவங்கள விட சொந்த ஃப்ரெண்டுக்குத்தான் கஷ்டமான குறிப்பா குடுத்தாங்களாம். நெருக்கமானவங்க, அதுவும் நாம பெருசா நினைக்கிற விஷயத்துல, நம்மள தாண்டிப் போனாதான் வலி ஜாஸ்தி. அதனால வயிறு எரியற அன்னிக்கு அபிப்ராயம் சொல்லாம "நீயே பாரு"ன்னு விட்டுடுங்க.

அழகா இருக்கறவளுக்கும் ஒண்ணு

"நீயும் அழகுதான்டி"ன்னு ஆறுதல் சொல்லாத, அது இன்னும் எரியும். கடைக்காரர் உன் மூஞ்சிய மட்டும் பாத்து பேசுறாரா, "இவதாண்ணே வாங்குறா, இவகிட்ட காட்டுங்க"ன்னு சொல்லிட்டு ஒரு அடி பின்னாடி நில்லு.