ஹஃப்மன் மரம்: நிகழ்வெண்கள் சமமாகும்போது நேரும் தவறுகள்

அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு தந்து உரையைச் சுருக்க டேவிட் ஹஃப்மன் 1952-இல் வெளியிட்ட முறையை இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். நிகழ்வெண் மிகக் குறைந்த இரண்டு கணுக்களை முன்னுரிமை வரிசையிலிருந்து எடுத்து, அவற்றை ஒரு புதிய கணுவின் கீழ் இணைத்து, கூட்டுத்தொகையுடன் வரிசையில் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு கணு எஞ்சும்வரை இதைத் தொடர வேண்டும். அந்த வேரிலிருந்து ஓர் எழுத்தின் இலைவரை, ஒரு கிளைக்கு 0, மற்றதற்கு 1 என்று எழுதிச் சென்றால் அதுவே அந்த எழுத்தின் குறியீடு. ஆனால், இரண்டுக்கு மேற்பட்ட கணுக்கள் ஒரே நிகழ்வெண்ணுடன் நின்றால் எவற்றை எடுப்பது என்பதை இம்முறை சொல்வதில்லை. நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

"கசகசடத" என்ற ஆறெழுத்துச் சரத்தை எடுத்துக்கொள்வோம். இதில் க, ச இரண்டும் இருமுறையும், ட, த இரண்டும் ஒருமுறையும் வருகின்றன. முதலில் ட, த இணைந்து 2 மதிப்புள்ள கணுவாகின்றன. இப்போது வரிசையில் க, ச, புதிய கணு என மூன்றுமே 2 மதிப்புடன் நிற்கின்றன. க, ச இரண்டையும் இணைத்தால் எல்லா எழுத்துக்கும் இரண்டு பிட் நீளம் கிடைக்கும்: க 00, ச 01, ட 10, த 11. மாறாக, க-வைப் புதிய கணுவுடன் இணைத்தால் ச 0, க 10, ட 110, த 111 என்று அமையும். இரண்டிலும் மொத்தச் செலவு 12 பிட்தான். இரண்டுமே உகந்த மரங்கள். எனவே நீளத்தை மட்டும் சரிபார்க்கும் சோதனை இந்த வேறுபாட்டை ஒருபோதும் காட்டாது.

சுருக்கும் நிரல் முதல் மரத்தையும் விரிக்கும் நிரல் இரண்டாம் மரத்தையும் கட்டினால் என்ன ஆகும்? முதல் மரத்தின்படி சரம் `000100011011` ஆகிறது. அதை இரண்டாம் மரத்தால் படித்தால் முதல் ஆறு எழுத்துகள் "சசசகசச" என்று வரும். ஆறு எழுத்துகள் போதும் என்று நிரல் நின்றுவிட்டால், எந்தப் பிழைச்செய்தியும் இன்றித் தவறான உரை கைக்கு வந்துவிடும். கோப்பின் தலைப்பில் நிகழ்வெண்களை மட்டும் அனுப்பிவிட்டு, மறுமுனையில் அதே மரம் தானாக அமைந்துவிடும் என்று நம்புவோருக்கு இது நேர்வது இயல்பே.

பைத்தானில் இதே சமநிலை வேறு முகத்துடன் வருகிறது. `(நிகழ்வெண், கணு)` என்ற இணையை `heapq`-இல் இட்டால், நிகழ்வெண்கள் சமமாகும் கணத்தில் அது கணுக்களையே ஒப்பிட முயன்று `TypeError` எழுப்பும். தொடக்க எண்கள் எல்லாம் வெவ்வேறாக இருந்தால் ஆபத்தில்லை என்று கருதுவதும் தவறு: 1, 2, 3 என்று தொடங்கினாலே 1-உம் 2-உம் கூடி 3 ஆகி, மற்றொரு 3-உடன் மோதிவிடும். இடையில் ஒரு வரிசை எண்ணைச் சேர்ப்பதே வழக்கமான தீர்வு:

```python
heap = [(f, i, s) for i, (s, f)
        in enumerate(sorted(freq.items()))]
heapq.heapify(heap)
n = len(heap)
while len(heap) > 1:
    f1, _, x = heapq.heappop(heap)
    f2, _, y = heapq.heappop(heap)
    heapq.heappush(heap, (f1 + f2, n, (x, y)))
    n += 1
```

இங்கே `sorted` அலங்காரத்துக்காக இல்லை. அதை விட்டுவிட்டால் வரிசை எண், எழுத்துகள் உரையில் முதன்முதலில் தோன்றிய ஒழுங்கைப் பின்பற்றும். விரிக்கும் நிரலுக்கு அந்த ஒழுங்கு தெரியாது. மேலும், இலைகள் இணைந்த கணுக்களைவிடச் சிறிய எண் பெறுவதால், சமநிலையில் அவையே முதலில் எடுக்கப்படுகின்றன. நம் எடுத்துக்காட்டில் இதனால் அதிகபட்ச நீளம் 3 ஆகாமல் 2 ஆகவே நிற்கும்.

இருப்பினும், இரு முனைகளிலும் ஒரே வரிசைமுறை இயங்கும் என்பதை நம்பியிருப்பதைவிட, மரத்தின் வடிவத்தையே மறந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. மரத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தின் குறியீட்டு நீளத்தை மட்டும் எடுத்து அனுப்பலாம். நீளத்தின்படியும், நீளம் சமமானால் அகரவரிசைப்படியும் அடுக்கி, முதல் எழுத்துக்கு எல்லாம் சுழியமாகக் கொடுத்து, அடுத்தடுத்த எழுத்துக்கு முந்தைய குறியீட்டுடன் ஒன்றைக் கூட்டி, நீளம் கூடும்போதெல்லாம் வலப்புறம் சுழியம் சேர்த்தால், நீளங்களிலிருந்தே ஒரே குறியீடுதான் பிறக்கும். ச 1, க 2, ட 3, த 3 என்ற நீளங்களுக்கு இவ்வாறு 0, 10, 110, 111 கிடைக்கின்றன. ZIP கோப்புகளில் பயன்படும் `DEFLATE` இதே வழியில் நீளங்களை மட்டுமே அனுப்புகிறது.

மரம் சரியான பிறகும் கடைசி பைட்டில் ஒரு கண்ணி காத்திருக்கிறது. 12 பிட்டுகளை இரண்டு பைட்டுகளில் எழுதும்போது நான்கு சுழியங்கள் நிரப்பப்படுகின்றன. அவற்றையும் குறியீடாகப் படித்தால் முதல் மரம் "கக" என்றும், இரண்டாம் மரம் "சசசச" என்றும் வாலொன்றை ஒட்டிவிடும். எழுத்துகளின் எண்ணிக்கையைத் தலைப்பில் எழுதலாம். அல்லது `DEFLATE` 256 என்ற மதிப்பை வைத்திருப்பதுபோல் முடிவுக்கென ஒரு தனிக் குறியை மரத்திலேயே சேர்க்கலாம்.

உரையில் ஒரே எழுத்துதான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், மேலே உள்ள `while` ஒருமுறைகூட ஓடாது. வேரே இலையாகி, அதன் குறியீடு வெற்றுச் சரமாகிவிடும். அந்த நேர்வில் நீளத்தை 1 என்று நாமே வைத்துவிட வேண்டும்.